காபி, ஸ்ட்ராங் டீ, குவார்ட்டர்: பிரஷர்காரர் எதை விடுவது?

பாபநாசம் பக்கத்தில் நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கவுன்ட்டரில் ஒரு பிபி மிஷின் இருக்கும். மாத்திரை வாங்க வருகிறவர்கள் அப்படியே கையை நீட்டிவிட்டுப் போவார்கள். போன குறுவை நடவு சமயத்தில் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, கடை சாத்தும் நேரத்தில், என் மாமா வந்து உட்கார்ந்தார். அம்மாவின் தம்பி, வயது 56, நாலு மா நிலம் சொந்தமாகவும் கொஞ்சம் குத்தகையாகவும் பார்க்கிறவர். அன்று காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருக்கு 152/96 இருந்திருக்கிறது. என் மிஷின் 124/76 என்று காட்டியது.

"பாத்தியா மாப்ள, காலையில டீயக் குடிச்சிட்டுப் போனேன், ஏறிடுச்சு. இப்ப ஒரு குவார்ட்டர் போட்டுட்டு வர்றேன், எறங்கிடுச்சு. டீயத்தான் விடணும் போல. இது இருந்துட்டுப் போவட்டும்."

இதைச் சொல்கிறவர் இவர் ஒருவர் மட்டுமில்லை. மாதத்துக்கு நாலைந்து பேர் இதே கணக்கைச் சொல்கிறார்கள். காபி, டீயை நிறுத்தி, "ராத்திரி கொஞ்சம் போட்டாத்தான் பிரஷர் கட்டுப்படுது" என்று முடிவெடுத்தவர்களையும் எனக்குத் தெரியும். இதில் சிக்கல் என்னவென்றால், அவர்கள் பார்த்த எண் பொய்யில்லை. குடித்த சில மணி நேரத்தில் பிரஷர் உண்மையிலேயே இறங்குகிறது. மூன்றையும் குடித்த ஒரு மணி நேரத்தில் அளந்து ஒப்பிட்டால் சாராயம்தான் நல்ல பிள்ளையாகத் தெரியும். மறுநாள் காலை பத்து மணிக்கு அளந்தால் வரிசை தலைகீழாகிவிடும். எதை விடுவது என்பது அதனால் எப்போது அளந்தோம் என்பதில் இருக்கிறது.

அன்றைக்கு மிஷினில் மூன்றாவதாக ஒரு எண் இருந்ததை மாமா பார்க்கவில்லை. மேல் பிரஷர், கீழ் பிரஷர் இரண்டுக்கும் அடியில் சின்னதாக நாடித்துடிப்பு காட்டும். அது 98. சும்மா உட்கார்ந்திருக்கிற அவருக்குச் சாதாரணமாக 74, 76தான் இருக்கும். நான் அதைத்தான் அவருக்குக் காட்டினேன்.

சாராயம் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அகலமாக்குகிறது. முகம் சிவப்பதும் உடம்பு சூடாவதும் அதனால்தான். குழாய் அகலமானால் உள்ளே அழுத்தம் குறையும். அதைச் சரிக்கட்ட இதயம் வேகமாக ஓடுகிறது. வாய்க்காலை வெட்டி அகலமாக்கினால் தண்ணீர் மட்டம் இறங்கும், அதற்காக மோட்டாருக்கு வேலை குறைந்தது என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். மாமா பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த 98ஐ இன்னொரு தடவை பார்த்தார்.

மீதிக் கதை அவர் தூங்கும்போது நடக்கிறது. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் எரிக்கும். ஆக எட்டு மணிக்குக் குடித்து முடித்தால் அது தீர விடிகாலை இரண்டு மணியும் ஆகலாம், ஐந்து மணியும் ஆகலாம். அதுவரை உடம்பு சும்மா இருப்பதில்லை. இறங்கிய அழுத்தத்தை மேலே தூக்க நரம்புகள் முறுக்கேறுகின்றன. உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைக்கும் சுரப்புகளைச் சிறுநீரகம் முடுக்கிவிடுகிறது. சாராயம் தீர்ந்த பிறகு தளர்த்திய ஆள் போய்விடுகிறான், முறுக்கியவை மட்டும் மிஞ்சுகின்றன. அதனால்தான் அழுத்தம் மறுநாள் பழைய இடத்தைத் தாண்டி ஏறுகிறது.

இது என் ஊகம் இல்லை. 2020இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 32 ஆய்வுகளை, 767 பேரின் அளவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. 30 கிராமுக்கு மேல் ஆல்கஹால் குடித்தவர்களுக்கு மேல் பிரஷர் முதல் ஆறு மணி நேரத்தில் சராசரியாக மூன்றரைப் புள்ளி இறங்கியது. பன்னிரண்டு மணி நேரம் வரை அந்த இறக்கம் நீடித்தது. பதிமூன்று மணி நேரத்துக்குப் பிறகு ஏறக்குறைய அதே அளவு மேலே ஏறியது. நாடித்துடிப்பு மட்டும் முழு நேரமும் கூடுதலாகவே இருந்தது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலோர் நோயில்லாத ஆண்கள். ஏற்கெனவே பிரஷர் எல்லையில் நிற்கிற ஆளுக்கு ஏற்ற இறக்கம் இந்தச் சராசரியோடு நிற்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ராத்திரி எட்டு மணிக்குக் குடித்தால் பதிமூன்று மணி நேரம் கழித்து வருவது காலை ஒன்பது மணி. சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கிற நேரம் அது. மாமா அதற்கு முந்தின ராத்திரியும் குடித்திருந்தார் என்பதை அப்புறம்தான் சொன்னார்.

டாக்டர் மாத்திரை ஆரம்பிக்கும் முன் இரண்டு வாரம் வீட்டில் அளந்து எழுதிவரச் சொல்லியிருந்தார். அதை ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று கடையிலிருந்து ஒரு மிஷினை எடுத்துக்கொண்டு போனேன். குடிக்கச் சொல்லியோ வேண்டாமென்றோ நான் எதுவும் சொல்லவில்லை. எப்படியும் வாரத்தில் இரண்டு நாள் குடிப்பார். அந்த நாட்களிலும் அளக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எழுதுகிற வேலையை அத்தை எடுத்துக்கொண்டார். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நேரம், மேல், கீழ், நாடி, அதற்கு முன் என்ன குடித்தார் என்று வரிசையாக எழுதுவார். குடித்த நாளுக்கும் அதற்கு மறுநாளுக்கும் மூலையில் "கு" என்று போட்டுவிடுவார்.

அளக்கும் முறை முக்கியம். ஒன்றுக்குப் போய்விட்டு வர வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலே பத்துப் புள்ளி வரை கூடிவிடும். சுவரில் முதுகைச் சாய்த்து, காலைத் தொங்கவிட்டு ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். கையில் சுற்றிய பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி கையை எதன் மேலாவது வைக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுத வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் காரணமே இல்லாமல் ஐந்தாறு புள்ளி மாறும் என்பதால், ஒவ்வொரு பானத்தையும் மூன்று முறையாவது பார்த்துச் சராசரி எடுத்தோம்.

முதலில் காபி. அத்தை போடுவது பித்தளை ஃபில்டரில் இறக்கிய முதல் டிக்காஷன், கும்பகோணத்தில் அரைத்து வாங்குகிற தூள். காலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் மாமாவுக்கு 136/86. காபி குடித்து முக்கால் மணி நேரத்தில் 144/91. இரண்டு மணி நேரம் கழித்தும் 142/89. நாலு மணி நேரத்தில்தான் பழைய இடத்துக்கு வந்தது. காஃபீன் அரை மணி, முக்கால் மணியில் ரத்தத்தில் உச்சிக்குப் போகும், பாதி வெளியேற சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ரத்தக் குழாயைத் தளர்த்துவதற்கு உடம்பில் அடினோசின் என்று ஒன்று இருக்கிறது. காஃபீன் அதன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்வதால் குழாய் இறுகுகிறது. பிரஷர் உள்ளவர்களிடம் 200, 300 மில்லிகிராம் காஃபீன் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் மேல் பிரஷர் சுமார் எட்டும் கீழ் பிரஷர் சுமார் ஆறும் கூடியது, மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் நின்றது. மாமாவின் எண்கள் ஏறக்குறைய அதே மாதிரி இருந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர் வீட்டுக் காபியை எப்போதாவது குடிக்கிறவர்தான். தினமும் குடிக்கிறவர்களுக்கு உடம்பு பழகி, ஏற்றம் பாதிக்கும் கீழே போய்விடுவது உண்டு. எல்லோருக்கும் அப்படிப் பழகிவிடும் என்று மட்டும் சொல்ல முடியாது.

காபியில் எவ்வளவு காஃபீன் என்பது தூளைப் பொறுத்தது. ரோபஸ்டா கொட்டையில் பிளான்டேஷன், பீபெரி என்று விற்கிற அராபிகாவைவிடச் சுமார் இரண்டு மடங்கு காஃபீன் இருக்கும். சிக்கரியில் காஃபீனே கிடையாது. கறுப்பாக, கெட்டியாகத் தெரிவது பல சமயம் சிக்கரியின் வேலை. அதனால் டிக்காஷனின் நிறத்தைப் பார்த்து "இது ஸ்ட்ராங், பிரஷரை ஏத்தும்" என்று சொல்ல முடியாது. இரண்டாவது தடவை தண்ணீர் ஊற்றி இறக்குகிற டிக்காஷனில் காஃபீன் மிகக் குறைவு, ஏனென்றால் பெரும்பகுதி முதலிலேயே இறங்கிவிட்டது.

ஸ்ட்ராங் டீ விஷயத்தில் எங்கள் ஊரில் நிறையத் தப்பெண்ணம் இருக்கிறது. பஸ் ஸ்டாப் டீக்கடையில் தூள் பையைத் தண்ணீரில் விட்டுக் கொதிக்கக் கொதிக்கப் போடுவார்கள். நேரம் ஆக ஆகச் செம்மண் நிறத்திலிருந்து கறுப்பாகும், நாக்கைப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பு டானின். காஃபீன் கொதிநீரில் முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் இறங்கிவிடும், அதற்குப் பிறகு கொதிப்பது துவர்ப்பைத்தான் கூட்டும். டீ ஸ்ட்ராங்காக இருப்பது கூடுதல் தூள் போட்டதால் என்றால் காஃபீனும் கூடும். நேரம் போனதால் என்றால் அவ்வளவாகக் கூடாது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் ஒரு முறை குடிக்கிற டீக்கு 30 முதல் 65 மில்லிகிராம் காஃபீன், 150 மில்லி இறக்கிய காபிக்கு 80 முதல் 120 என்று கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 300 தாண்டக் கூடாது என்பதும் அதில் உண்டு.

மாமாவின் எண்ணும் அதற்கு ஏற்றபடி இருந்தது. ஒரே ஒரு கிளாஸ் டீயோடு நிறுத்திய காலைகளில் அரை மணி நேரத்தில் 142/89, ஒரு மணி நேரத்தில் 140/88, இரண்டு மணியில் பழையபடி. காபியைவிடக் குறைவு, சீக்கிரம் இறங்குகிறது. ஆனால் அவர் என்றைக்கு ஒன்றோடு நிறுத்தினார்? நாலரைக்கு ஒன்று, வயலுக்குப் போய்த் திரும்பும்போது ஏழு மணிக்கு ஒன்று, பேப்பர் பார்த்துக்கொண்டு எட்டரைக்கு ஒன்று. முதலாவது இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது ஏறிக்கொள்ளும். மூன்று கிளாஸ் சேர்ந்தால் ஒன்றரை டம்ளர் காபிக்குச் சமம். கூடவே ஒரு பீடி என்றால் அது தன் பங்குக்கு ஒரு கால் மணி, அரை மணி நேரம் அழுத்தத்தை ஏற்றும். டீயின் மேல் விழுகிற பழியில் ஒரு பகுதி பீடியுடையது.

கடைசியாகக் குவார்ட்டர். குடித்த ராத்திரிகளில் ஒன்பது மணிக்குச் சராசரி 123/75, நாடி 96. விடிகாலை ஐந்து மணிக்கு 134/84, நாடி 90. இதுவரை பார்த்தால் மாமா சொன்னதுதான் சரி. மறுநாள் காலை ஒன்பதரைக்கு 149/94. குடிக்காத நாட்களில், அதே நாலரை மணி டீ, அதே ஏழு மணி டீ குடித்துவிட்டு, அதே ஒன்பதரைக்கு 138/87. டீ இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதால் இந்தப் பதினொரு புள்ளி வித்தியாசத்தை டீயின் தலையில் கட்ட முடியாது. இந்த இரண்டு எண்களையும் அத்தை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மாமா முன்னால் வைத்தார், எதுவும் பேசவில்லை.

சுகாதார நிலையத்தில் வந்த 152/96க்கு அர்த்தம் இப்போது புரிந்தது. முந்தின ராத்திரிக் குவார்ட்டர் பெரும்பங்கு ஏற்றிவைத்திருந்தது. டோக்கன் வாங்கிவிட்டு எதிர்க்கடையில் மூன்றாவது டீ குடித்து, அரை மணி நேரத்தில் பெயர் கூப்பிட, வேகமாக எழுந்து போய் உட்கார்ந்து கையை நீட்டியிருக்கிறார். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் காபி, டீ, புகை கூடாது என்பது பொதுவான விதி. ஆனால் அந்த அரை மணியில் காஃபீன் இறங்கத் தொடங்குவதில்லை, அப்போதுதான் உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும். அது குறைந்தபட்ச விதி. காலையில் முதல் டீக்கு முன்னால், மாத்திரை போடுகிறவராக இருந்தால் மாத்திரைக்கும் முன்னால் அளப்பதுதான் நம்பத்தக்கது. குடிக்கிறவர்களுக்கு இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. விடிகாலை ஐந்து மணி அளவு அந்த 134/84 மாதிரி நன்றாகவே தெரியலாம். அவர்கள் ஒன்பது, பத்து மணிக்கு இன்னொரு தடவையும் பார்க்க வேண்டும்.

ஆக மூன்றில் எதை விடுவது? என் தீர்ப்பு குவார்ட்டர்தான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. காபியும் டீயும் ஏற்றுவது சில மணி நேரத்துக்கு, அளந்து பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய அளவுக்கு. சாராயம் முதலில் இறக்கிக் காட்டிவிட்டு மறுநாள் பகல் முழுக்க ஏற்றிவைக்கிறது. நடுவில் வருகிற இறக்கமும் நல்லதில்லை. இறங்கியிருக்கிற நேரத்தில் நடுராத்திரி ஒன்றுக்குப் போகப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். சாராயம் சிறுநீரைக் கூட்டும் என்பதால் எழுவதும் அடிக்கடி நடக்கும். கொல்லைப்புறத்துப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே இருக்கிறார்கள்.

கட்டிங்கோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்கிறவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. 90 மில்லி என்றாலே 30 கிராம் ஆல்கஹால், மறுநாள் ஏற்றம் தெரிந்த அந்த எல்லையிலேயே வந்து நிற்கிறது. பெரிய பாட்டில் பீர், 650 மில்லி, எட்டு சதவீதம் என்று போட்டிருந்தால் 40 கிராம். பீர் என்பதால் ஒன்றுமில்லை என்பது தப்பு.

மாத்திரை போடுகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கிற தவறு வேறு. "இன்னிக்கு சரக்குப் போட்டிருக்கேன், மாத்திரை வேண்டாம்" என்று அன்றைய மாத்திரையைத் தள்ளிவிடுவார்கள். மறுநாள் காலை சாராயத்தின் ஏற்றமும் மாத்திரை இல்லாத ஏற்றமும் ஒன்றாக வந்து விழும். பிராசோசின் மாதிரிக் குழாயைத் தளர்த்தும் மாத்திரையைச் சாராயத்தோடு சேர்த்துப் போட்டால் எழுந்ததும் மயங்கி விழுகிற ஆபத்து நிஜமானது என்பதால், இந்த விஷயத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி மாத்திரையின் நேரத்தை அவரிடமே கேட்பதுதான் சரி. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாமா வாரத்தில் இரண்டு நாள் குடிக்கிறவர், அதனால் சட்டென்று விடலாம். தினமும் பகலிலேயே ஆரம்பித்துவிடுகிறவர்கள் வீட்டில் இருந்தபடி ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, பிரஷர் ஏற்றம், வலிப்பு வரை போகும். அது ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டிய வேலை.

காபிக்கும் டீக்கும் இடையில் தேர்வு தேவைப்படுவது சிலருக்குத்தான். குடிப்பதற்கு முன்னாலும், குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள்ளும் அளந்து பாருங்கள். ஐந்து, பத்துப் புள்ளி கூடினால் உங்கள் உடம்பு காஃபீனுக்கு அசைகிறது என்று அர்த்தம். அவர்கள் டீக்கு மாறலாம், இரண்டு கிளாஸுக்கு நடுவே மூன்று மணி நேரம் விடலாம். 160/100க்கு மேல் இருக்கிறவர்கள் விஷயம் வேறு. அந்த நிலையில் தினம் இரண்டு கப்போ அதற்கு மேலோ காபி குடித்தவர்களிடம் இதய நோய், பக்கவாதச் சாவு கூடுதலாக இருந்ததை 2022இல் வெளியான ஒரு ஜப்பானிய நீண்டகால ஆய்வு சொன்னது, கிரீன் டீயில் அது தெரியவில்லை. அவர்கள் பிரஷர் கட்டுக்குள் வரும்வரை காபியைத் தள்ளிவைப்பதே நல்லது. தினமும் நாலைந்து கிளாஸ் குடிக்கிறவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் மறுநாள் தலைவலி மண்டையைப் பிளக்கும். அதைப் பிரஷர் தலைவலி என்று நினைத்துப் பயந்துகொண்டு என் கடைக்கு வருகிறார்கள். ஒவ்வொரு நாளும் அரை அரை கிளாஸாகக் குறைத்துக்கொண்டே வந்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

இரண்டு வாரம் கழித்து மாமாவும் அத்தையும் காலண்டர் தாள்களை ரப்பர் பேண்டு போட்டு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார்கள். அவர் மூலையில் இருந்த "கு" என்னவென்று கேட்டிருக்கிறார். அத்தைதான் சொன்னார். டாக்டர் மேஜையின் மேல் "கு" போட்ட தாள்களை ஒரு பக்கமும் போடாததை இன்னொரு பக்கமும் பிரித்து வைத்து, போடாத பக்கத்தை மட்டும் கூட்டிச் சராசரி பார்த்திருக்கிறார். 136/86. வீட்டில் அளக்கும்போது 135/85 எல்லை. "இந்தப் பக்கத்துத் தாள் மட்டும் மூணு மாசத்துக்கு வரட்டும், அப்புறம் மாத்திரையப் பத்திப் பேசலாம்" என்று சொல்லி, ஊறுகாயையும் குறைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.